கொழும்புக்குப் போன கட்டி

வவுனியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் முதுகுக் கட்டியை வெட்டி, என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். முற்பணத்தின் மிச்சத்தை மட்டும் அனுப்பவில்லை. காசாளர் பெண்ணிடம் போய்ச் சட்டம் பேசினேன்.

“வெட்டின கட்டியைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பியிருக்கு, ஐயா. அந்த பில் வந்தால்தான் கணக்கு முடிக்கலாம். பொறுங்கோ.”

பிறகும் போனேன், காசுக்கு அலைகிறவன் மாதிரி. உண்மையில் அந்தச் சோதனையை நினைத்துத்தான் எனக்கு நித்திரை வரவில்லை. வீரனாக இருப்பதைவிடக் கஞ்சனாக இருப்பது சுலபம்.

ஒருநாள் மனைவியோடு போனபோது அந்தப் பெண் சிரித்தாள்.

“பில்லும் வந்திட்டுது, றிப்போட்டும் வந்திட்டுது. பயப்பிட ஒண்டுமில்லையாம், டொக்டர் சொல்லச் சொன்னவர். முற்பண ரசீதைத் தாங்கோ.”

ரசீதைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டேன். மனைவி அதை எடுத்து எண்ணினாள்.

“இண்டைக்கு ஆட்டிறைச்சி வாங்கக் காணும்,” என்றாள்.