துளசி சுற்றாமல் விட்ட சக்கரம்

காந்தி ரோட்டிலுள்ள ஒரு பட்டுக்கடையில், கல்யாணப் புடவைப் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்பவள் துளசி. பெண்ணின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த நிறம் எடுபடும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஐம்பது புடவை விரிக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டிலேயே வேலையை முடித்துவிடுவாள். அவளைத் தேடிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவள்தான் ஒரு சூதாட்ட ஆப்பில் மாட்டிக்கொண்டாள். பக்கத்து கவுண்டரில் நிற்கும் மஹாலட்சுமி அனுப்பிய லிங்க் அது. ப்ளே ஸ்டோரில் கிடைக்காது. “சும்மா டெய்லி ஒரு தபா சுத்துக்கா, காசே வேணாம்” என்றாள் மஹாலட்சுமி. முதல் நாள் காலை ஏழு மணிக்கு, அடுப்பில் இட்லி வேகும்போது துளசி சக்கரத்தைச் சுற்றினாள். ஐம்பத்தொரு ரூபாய் போனஸ் விழுந்தது. எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அதை அப்படியே எடுக்க முடியாது. முதலில் கைக்காசைப் போட்டு, பல மடங்குக்குப் பந்தயம் ஆடித் தீர்த்தால்தான் உண்டு. ‘சரி, கொஞ்சமாகப் போடுவோம்’ என்று போட்டாள். ஆடினாள். போனது.

பணத்தைவிட அவளைப் பிடித்து இழுத்தது அந்த நாள் கணக்குதான். ஒரு முறை சுற்றினால் இருபத்துநாலு மணி நேரம் கழித்தே சக்கரம் மறுபடி திறக்கும். திறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றியாக வேண்டும். தவறினால் அதுவரை சேர்த்த நாளெல்லாம் பூஜ்யம். முப்பது நாள் விடாமல் சுற்றினால் மகா சக்கரம் என்று திரை மின்னியது. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு, தினமும் கொஞ்சம் பணம் போட்டால்தான் கணக்கு நிற்கும் என்று புது விதி முளைத்தது. அதற்குள் பதினான்கு நாள் கையில் இருந்ததே, விட மனம் வருமா?

தினமும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் தாமதமாகத்தான் சுற்ற முடிந்தது. அதனால் சக்கரம் திறக்கும் நேரமும் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. இட்லி வேகும் நேரத்தில் ஆரம்பித்தது, ஒரு மாதம் முடிவதற்குள் பதினோரு மணிக்கு, கடையில் கூட்டம் நெருக்கும் வேளைக்கு வந்து நின்றது.

இருபத்தெட்டாம் நாள், கூரத்திலிருந்து ஜெயம்மாள் என்பவர் தன் மகள் ஜெயப்ரியாவின் முகூர்த்தப் புடவைக்காக வந்திருந்தார். துளசி அரக்குப் புடவையைப் பெண்ணின் தோளில் போட்டு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த போன் அதிர்ந்தது.

“ஒரே நிமிஷம்மா, குடோன்ல இன்னொரு பீஸ் இருக்குது, எடுத்துக்கினு வரேன்” என்று பாதி மடிப்போடு அந்தப் பெண்ணை விட்டுவிட்டு ஓடினாள்.

குடோனில் நின்று சுற்றினாள். முள் விலை உயர்ந்த போன் படத்தைத் தொடுவது போல் நகர்ந்து, அதற்கு முந்தைய கட்டத்தில் நின்றது. உடனே ஒரு சிவப்புக் கட்டம் திறந்தது: ‘உங்களுக்கு மட்டும்! பதினைந்து நிமிடத்துக்குள் பணம் போட்டால் இரு மடங்கு!’ நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. போடுவதா வேண்டாமா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வெளியே வந்தபோது, ஜெயம்மாளும் மகளும் உட்கார்ந்திருந்த பாய் காலியாக இருந்தது.

“இன்னாமா துளசி, உனக்கா இப்படி?” என்றார் மேனேஜர் வேலாயுதம். திட்டக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

அவமானத்தோடு விரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஹாலட்சுமி யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது: “இந்த டிசைன்ல ஒரே பீஸ்தாம்மா. இந்த ரேட்டும் இன்னிக்கோட சரி.”

துளசியின் கை நின்றது. அதே டிசைனில் இன்னும் மூன்று புடவைகள் குடோனில் இருந்தன. அவற்றைச் சற்று முன்தான் பார்த்திருந்தாள். ‘ஒரே பீஸ், இன்னிக்கு மட்டும்’ என்று அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! வந்தவர் எழுந்து போகாமல் இருக்கச் சொல்லும் பேச்சு அது. அந்தச் சிவப்புக் கட்டமும் அதே பேச்சைத்தானே பேசியது?

அதைச் சோதித்துப் பார்த்துவிடத் தோன்றியது. சாப்பாட்டு வேளையில் ஆப்பைத் திறந்தாள். முடிந்துபோயிருக்க வேண்டிய அதே சலுகை, அதே பதினைந்து நிமிடத்தோடு மறுபடி நின்றது. தொடவில்லை, பூஜ்யம் வரை ஓடவிட்டாள். நான்கு மணிக்குத் திறந்தாள். திரும்பவும் பதினைந்து நிமிடம்.

“லட்சுமி, உன் போனைக் கொண்டா.”

மஹாலட்சுமியின் திரையிலும் ‘உங்களுக்கு மட்டும்’ இருந்தது.

“நேத்து உனக்கு முள்ளு எங்க நின்னுச்சு?”

“போனுக்குப் பக்கத்துலக்கா. ஒரே ஒரு கட்டம். ஜஸ்ட் மிஸ்.”

“முந்தாநாளு?”

மஹாலட்சுமி யோசித்தாள். “அதுவும் பக்கத்துலதான்.”

“எனக்கும் அங்கதான். சக்கரத்துல எல்லாக் கட்டமும் ஒரே அளவா வரைஞ்சிருக்குது. அதைப் பாத்து எல்லாத்துக்கும் ஒரே சான்ஸுன்னு நாமதான் நெனைச்சுக்கினோம். எங்க நிக்கணும்னு அவன் முன்னாடியே முடிவு பண்ணிட்டு அப்புறமா சுத்திக் காட்டறான். கைக்கு எட்டுனாப்பல காட்டினாத்தானே நாளைக்கும் வருவோம்?”

“இன்னும் ரெண்டு நாள்தானே உனக்கு? முப்பதை முடிச்சிட்டு வுட்டுடுக்கா.”

“முப்பதுல நிறுத்த வுடுவானா? அப்புறம் அறுபதுன்னு ஒண்ணு வைப்பான்.”

அன்று மாலையே வேலாயுதத்திடம் வருகை நோட்டிலிருந்த நம்பரை வாங்கி ஜெயம்மாளைக் கூப்பிட்டாள். “அம்மா, தப்பு என்மேலதான். பொண்ணை நிக்கவச்சிட்டுப் போயிருக்கக் கூடாது. புடவை எங்க வேணா எடுங்க, ஆனா ஏதோ நெனப்புல நான் போட்ட அந்த அரக்கு அவளுக்கு வேணாம்மா. மாம்பழக் கலர்ல பச்சை பார்டர் கட்டினாத்தான் முகம் எடுக்கும்.”

மறுநாள் பதினொன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். சக்கரம் திறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. துளசி போனை ஒளிக்கவில்லை. கல்லாப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும்படியே வைத்தாள். மாம்பழப் புடவையை விரித்தாள், மடிப்பு வைத்தாள், முந்தானையைத் தோளில் ஏற்றினாள். போன் அதிர்ந்தது. ‘இன்னும் ஒரு மணி நேரம்!’ விரல் நுனி துடித்தது உண்மை. மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ‘இருபத்தெட்டு நாள் வீணாகப் போகிறது!’ மறுபடி அதிர்ந்தது. ஜெயப்ரியா கண்ணாடி முன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் தன்னைப் பார்த்துக்கொண்டாள். ஜெயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதே டிசைன்ல வேற இருக்குதாம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் ரெண்டு இருக்குது. அவசரமே இல்ல. வூட்டுக்குப் போயி யோசிச்சுக்கூட வாங்கம்மா.”

மேனேஜர் திகைத்துப் பார்த்தார். ஆனால் ஜெயம்மாள் யோசிக்கப் போகவில்லை. முகூர்த்தப் புடவையோடு சம்பந்திகளுக்கான பன்னிரண்டு புடவைகளையும் துளசியிடமே எடுத்தார். கடைசிப் புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். போனில் இருபத்தெட்டு இருந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது.

அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். சிரிப்புதான் வந்தது. குடோன் கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அடுத்த நிமிஷமே ஆப் கெஞ்ச ஆரம்பித்தது. போன நாள் கணக்கை ஒரு ரூபாய்கூட வாங்காமல் மீட்டுத் தருகிறோம் என்றது. “பாத்தியா லட்சுமி? போனா போனதுதான்னு மெரட்டுனான். இப்போ ஓசியில திருப்பித் தரானாம்” என்று காட்டிவிட்டு, துளசி ஆப்பை நீக்கினாள்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக இருந்ததென்று சொல்ல முடியாது. ஒரு வாரம் பதினோரு மணியானால் கை தானாக இடுப்புக்குப் போகும். அந்த நேரத்தில் வேண்டுமென்றே பீரோவிலிருந்து ஒரு கட்டுப் புடவையை இறக்கி அடுக்குவாள். பத்தாம் நாள் மஹாலட்சுமியும் பக்கத்தில் வந்து நின்று, “எனக்கும் ஒரு கட்டு குடுக்கா” என்றாள். அவள் போனிலும் இப்போது அந்த ஆப் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு புது நம்பரிலிருந்து அழைப்பு. “மேடம், உங்களை ரொம்ப மிஸ் பண்றோம். உங்களுக்கு மட்டும் மூணு ஸ்பின் ஃப்ரீ. இன்னிக்கு ஒரு நாள்தான்.”

கடை முழுக்கக் கேட்கும்படி துளசி சொன்னாள்: “தம்பி, பதினோரு வருஷமா இதே டயலாக்கை நான் வித்துக்கினு இருந்தவ. என்கிட்டயே விக்கிறியேப்பா!”

நம்பரைத் தடை செய்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். “உனக்கு மயில் கழுத்துக் கலர்தாம்மா” என்று எழுந்தாள்.