மாமாவின் முப்பது ரூபாய்

ஏ.எஸ்.ராவ் நகரில் மாமனார் மாமியாரோடு நாங்கள் இருந்த காலத்தில், ப்ரீபெய்ட் அழைப்புகளுக்குக் காசு பிடிக்கிற மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. பக்கத்துப் பொதுத்துறை ஆலையில் ஓய்வு பெற்ற மாமா அதை ஏதோ நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பது போலவே நினைத்தார்.

ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் திரையில் வரும் மீதித்தொகையை அவர் மனதில் வைத்துக்கொள்வார். ஒருநாள் காலையில் இருப்பைப் பார்த்தபோது, யாரோடும் பேசாமலே முப்பது ரூபாய் குறைந்திருந்தது. காபியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ராத்திரி பேசி முடிச்சப்போ இருந்தது இப்ப இல்லை. உங்க மெஷின் தூக்கத்துல எடுத்துக்குமா?"

நான் பொறுமையாகச் சொன்னேன். எதிர்முனையில் எடுத்த நொடியிலிருந்துதான் காசு ஓடும். ஆனால் அழைப்பை இணைக்கும்போதே, சிறிது நேரம் பேசுவதற்கான தொகையை எங்கள் கணினி ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அது தீர்ந்தால் மறுபடி கொஞ்சம் ஒதுக்கும். இருப்பு முடிந்துவிட்டால் பாதிப் பேச்சில் துண்டித்துவிடும். போனை வைத்ததும், பேசிய நொடிகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிடும்.

"அப்போ ராத்திரி ஒதுக்கினதைத் திருப்ப மறந்துட்டீங்க" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அப்படி ஏதாவது சிக்கி நின்றாலும் சற்று நேரத்தில் தானாக விடுபட்டுவிடும். தவிர, இவர் பேசியது சில நிமிடங்கள்தான். முப்பது ரூபாய் ஒரே வெட்டாகப் போயிருந்தால் அது பேச்சுக்கான காசே இல்லை, ஏதோ மாதச் சேவை என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் லேண்ட்லைன் இருந்ததால் அவர் செல்லுக்கு நாங்கள் யாரும் கூப்பிட்டதே கிடையாது. அன்று கூப்பிட்டுப் பார்த்தேன். வழக்கமான மணியோசைக்குப் பதிலாக, கொஞ்சலும் சிணுங்கலுமாக ஒரு தெலுங்குக் காதல் பாட்டு. போனை அத்தையின் காதில் வைத்தேன். அத்தை கண்ணில் நீர் வருமளவு சிரித்தார்.

விசாரித்ததில் தெரிந்தது. பூங்காவில் கூட நடக்கும் நண்பர் ஒருவருக்குப் போன் செய்தபோது அந்தப் பாட்டு கேட்டிருக்கிறது. நட்சத்திர பட்டனை அழுத்தச் சொல்லி ஒரு குரலும் வந்திருக்கிறது. சத்தம் கூடும் என்று நினைத்து அழுத்தியிருக்கிறார். பாட்டு இவருக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் மாதம் இலவசம், அப்புறம் மாதம் முப்பது ரூபாய். கூப்பிடுபவருக்குத்தான் கேட்கும், வைத்திருப்பவருக்குக் கேட்காது. பூங்காவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அதான் பூங்காவுல அந்த சர்தார்ஜி என்னைப் பார்த்தாலே சிரிச்சானா?" என்றார் மாமா.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி நிறுத்திவிடலாம் என்றேன். அத்தை தடுத்தார். "நக்கோ, வேண்டாம். இந்த மாசத்துக்குக் குடுத்தாச்சே, இருக்கட்டும்."

அந்த மாதம் முழுக்க அத்தை சமையலறையிலிருந்தே கூடத்தில் இருந்த மாமாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். எடுத்தால்தான் காசு என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எடுக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார். மாமாவும் கையில் அதிரும் போனைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்.