ரெய்னோவுக்கு மூன்று வரி

தண்டர் பே ஊரின் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் வெர்னாவுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். வேலை என்னவோ ரேடியோவில் ஓட்டுநர்களுக்கு வழி சொல்வதுதான். மனசெல்லாம் எதுகை மோனையில். கல்யாணம், குழந்தை, முட்டி அறுவைச் சிகிச்சை, எதையும் விட்டுவைக்க மாட்டாள். ஓட்டுநர் கோர்டன் பல்லைப் பிடுங்கிக்கொண்டபோது பதினெட்டு வரி எழுதி ரேடியோவிலேயே வாசித்தாள். சிரித்த சிரிப்பில் ஒருவர் பேருந்தைப் பனிமேட்டில் ஏற்றிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாள். கணக்கு பார்க்கும் ஷீலாவின் அம்மா இறந்தபோது தேவதைகள், வெள்ளிச் சிறகுகள், சொர்க்கத்துக்குப் போகும் பேருந்து என்று பக்கம் நிறைய எழுதி வாழ்த்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தாள். ஷீலா கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள் சாப்பாட்டு நேரம் வரை வெளியே வரவில்லை. அதன் பிறகு வெர்னா துக்கத்தின் பக்கமே போகவில்லை.

இப்போது மெக்கானிக் ரெய்னோவின் அப்பா டாய்வோ இறந்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ரெய்னோ யாரிடமும் காரணம் சொல்லாமல் சில வாரமாகவே லீவில் இருந்தான். மார்ச் விடுமுறை வாரம். கொட்டகையில் ஈ காக்கை இல்லை. சேதி வெர்னாவுக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் வந்தது. முதலாளி மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

ரெய்னோவுக்கு எழுதாமல் இருக்க வெர்னாவால் முடியாது. அவள் புருஷன் இறந்த குளிர்காலத்தில், ஒரு காலை கதவைத் திறந்தால் பின்வாசலில் பிர்ச் மர விறகுக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. யார் என்று யாரும் சொல்லவில்லை. ரெய்னோவின் கையுறையில் மரத்தூளைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். நன்றி சொல்லப் போனால் ஸ்பானரைத் தேடுகிற சாக்கில் பேருந்துக்கு அடியில் புகுந்துவிடுவான். அந்த மனுஷனுக்குச் சத்தமில்லாமல் ஆறுதல் சொல்ல வேண்டும். ஷீலாவுக்குச் செய்ததை இவனுக்கும் செய்துவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க மாட்டாள்.

சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே தேவதை வந்து நின்றது. விரட்டினாள். எதுகை வந்தது. அதைப் போட்டால் பாட்டு குதிக்கும். துக்க வீட்டில் குதித்தால் நன்றாகவா இருக்கும்? அடித்தாள். ‘உன் வலி எனக்குத் தெரியும்’ பொய். ‘அவர் நல்ல இடத்தில் இருக்கிறார்’ என்பதை யார் பார்த்தார்கள்? ‘தைரியமாக இரு’ என்றால் அழவும் விடமாட்டேன் என்று அர்த்தம். ‘ஆழ்ந்த’, ‘ஈடுசெய்ய முடியாத’ எல்லாம் கடையில் விற்கும் அட்டையிலேயே இருக்கின்றன. ஒரு பொருள் வேண்டும், கையால் தொடக்கூடிய ஒன்று. டாய்வோவை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் மகனைப் பார்த்திருக்கிறாள். கட்டை அடுக்குகிற பழக்கம் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அளவுகோல் ஒன்று கண்டுபிடித்தாள். ரெய்னோ பட்டறையில் நின்றபடியே படித்து, உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ‘உன் அப்பா’ என்று ஆரம்பித்திருந்ததையும் கடைசியில் எடுத்துவிட்டாள். யாருடைய அப்பா என்று அவனுக்குத் தெரியாதா என்ன? மிஞ்சியது இது:

*கட்டையை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.*
*குளிரில் அது துணை இருக்கும்.*
*நாங்களும் இருக்கிறோம்.*

படித்துப் பார்த்தாள். தான் எழுதியதுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. வெள்ளி எழுத்தில் ‘அனுதாபங்கள்’ என்று மின்னாத, வெறும் ஏரிப் படம் போட்ட அட்டையாகப் பார்த்து வாங்கினாள். இடப்பக்கம் மூன்று வரி, வலப்பக்கம் கையெழுத்துக்கு. திங்கட்கிழமை, வாழ்த்து அட்டைகள் கையெழுத்துக்காகச் சுற்றிவரும் வழக்கமான நீல உறைக்குள் செருகி அனுப்பினாள். எல்லாரும் போட்டதும் ஓட்டுநர் பியரெட் ஒட்டி, தன் வழியில் இருக்கும் ரெய்னோ வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு.

மறுநாள் கோர்டன் இளஞ்சிவப்புக் கிரீம் வழிய ஒரு பெர்ஷியன் பன்னைக் கடித்துக்கொண்டு அவள் ஜன்னலில் வந்து சாய்ந்தான்.

“பார்ட்டி என்னிக்கு, வெர்னா?”

“என்ன பார்ட்டி?”

“ரெய்னோவுக்குத்தான். ஒருவழியா ரிட்டயர் ஆயிட்டானே! நான்தான் முதல் கையெழுத்து. ‘குடுத்து வச்சவன்டா நீ, அந்தப் பெரிய ஸ்பானரை எனக்கு எழுதி வச்சிட்டுப் போ’ன்னு போட்டேன்.”

வெர்னா பேனாவைக் கீழே வைத்தாள். “கோர்டன், இடப்பக்கம் படிச்சியா?”

“இடப்பக்கத்தை யாரு படிப்பா? நீ எழுதினா ஒரு முழ நீளத்துக்கு இருக்கும்.”

நீல உறையில் துக்கம் வந்ததே இல்லை. ரெய்னோவை வாரக்கணக்கில் காணோம், வயசோ அறுபத்தொன்று, முதல் ஆள் இப்படி எழுதிவிட்டான். அப்புறம் என்ன, அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதுவதுதானே ஊர் வழக்கம்?

“அவங்க அப்பா செத்துட்டாருய்யா!”

கோர்டனின் வாயிலிருந்து பன் கீழே விழுந்தது. வெர்னா ரேடியோவைப் பிடித்தாள். “பியரெட், பியரெட்! அந்த அட்டையைப் பெட்டியில போட்டுட்டியா?”

“இப்பதான்டி போட்டேன். பூரா இடமும் ரொம்பிடுச்சு. நான் ஓரத்துல ‘இனிமே நிம்மதியாத் தூங்குங்க’ன்னு எழுதினேன். அழகா இருக்குல்ல?”

வெர்னா ரேடியோவைக் கோர்டன் கையில் திணித்துவிட்டு, காலியாக நின்ற குட்டிப் பேருந்தை எடுத்துக்கொண்டு பறந்தாள். மஞ்சள் விளக்குகள் தானாக மின்னித் தொலைத்தன. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் குழந்தை இறங்கப்போகிறது என்று நினைத்து மரியாதையாக நின்றுவிட்டன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ரெய்னோ வீட்டுத் தபால்பெட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். காலி. கைப்பட்டையின் பொத்தான் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

“அதுல இல்ல,” என்றான் ரெய்னோ. “காபி ஆறுது. கையை மெதுவா உருவிக்கிட்டு வா.”

மேசையில் அட்டை விரிந்து கிடந்தது. வெர்னா உட்காரவில்லை. “ரெய்னோ, தப்பு என்மேலதான். சொல்ல வேண்டியதைக்கூட வெட்டிட்டேன். அவங்களுக்குத் தெரியாது...”

“தெரியுது. எங்கப்பாகிட்ட ஸ்பானரே கிடையாது.” அவன் உதடு நடுங்கியது. வெர்னா பயந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரியையும் அப்பாவுக்கு எழுதியது போலவே படித்தான். “‘அலாரத்தை ஏரியில வீசு.’ எங்கப்பாவுக்குக் கச்சிதம். நாலு மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டுவாரு. ‘ஃப்ளோரிடாவுக்குப் போய் வெயில்ல கிட.’ மனுஷனுக்கு வெயிலே ஆகாது!” அடுத்ததைப் படிக்க முடியாமல் மேசையைத் தட்டினான். “அடக்கத்துல பாஸ்டர் அரை மணி நேரம் பேசினாரு. அது எங்கப்பா மாதிரியே இல்ல. இந்தப் பசங்க ஆள் தெரியாமலே அவரை எழுதிட்டானுங்க.”

வெர்னாவும் அடக்க முடியாமல் சிரித்தாள். இருவரும் மூச்சு வாங்க ஓய்ந்தபின் ரெய்னோ இடப்பக்கத்தைத் தொட்டான்.

“இதை மட்டும் நின்னுக்கிட்டே படிச்சேன். உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“எது?”

“உன் வீட்டுக் கட்டை. அடுக்கினது அவர்னு.”

“நீதானே அடுக்கினே?”

“நான் லாரி ஓட்டினேன், இறக்கிக் குடுத்தேன், அவ்வளவுதான். ‘புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு, கோணலா அடுக்கினா சரிஞ்சு விழும்’னு அந்தக் குளிர்ல ஒவ்வொண்ணா அவரே வச்சாரு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

அந்தக் கட்டை வெர்னாவின் வீட்டில் இரண்டு குளிர்காலம் எரிந்தது. ஒரு தடவைகூடச் சரியவில்லை. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நின்றபடி படிக்கிற பாட்டை எழுதியவளே உட்கார வேண்டியதாயிற்று. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“நீ கையெழுத்தே போடலையே,” என்றான் ரெய்னோ, பேனாவைத் தள்ளி.

வலப்பக்கத்தில் ஊசி குத்த இடமில்லை. மூன்று வரிக்குக் கீழே, அவள் அவ்வளவு பாடுபட்டு வெறுமையாக விட்டிருந்த இடத்தில் எழுதினாள்: ‘நன்றி, டாய்வோ. வெர்னா.’