சர்க்கரை போடாத டீ

அன்று காலை உப்பளத்துக் கொட்டகையில் இருந்தவர்கள்: டீ விற்கும் அத்தை, மேஸ்திரி, தலைச்சும்மாடை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போன நான். இல்லாதவர் அப்பா. அவர் வீட்டில், வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். அந்தக் காலில் அப்போதே இரண்டு விரல்கள் இல்லை.

உப்பளத்தில் கால் கிழிவது புதிதில்லை. உப்புக்கல் கீறும், உப்புத்தண்ணி எரியும், எரிச்சல் தாங்காமல் ஆள் கரைக்கு வந்து துணி சுற்றிக்கொள்வான். சர்க்கரை நோய் வந்த பிறகு அப்பாவுக்கு அந்த எரிச்சல் இல்லாமல் போயிற்று. பாதம் மரத்துவிட்டது. புண் உள்ளே போய் நாற்றம் எடுத்த பிறகுதான் அம்மா பார்த்தாள்.

விரல் எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், பாதம் மிஞ்சும். இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும். ஊசி எழுதிக் கொடுத்தார். வார்டில் இருந்தவரை இறங்கியிருந்த சர்க்கரை, வீட்டுக்கு வந்ததும் ஏறியது. கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் ஊசியின் அளவைக் கூட்டினார்கள்.

“ஸ்வீட் ஏதாவது சாப்பிடறீங்களா? உண்மைய சொல்லுங்க.”

“சத்தியமா இல்ல சார். டீயிலகூட சக்கரை போடறதில்ல.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. வெல்ல டப்பாவை அவள் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். தலையணைக்கு அடியில் துழாவினாள். குடிகாரன் வாயை மோந்து பார்ப்பதுபோல் அவர் வாயை மோந்து பார்த்தாள்.

“எங்கடா ஒளிச்சி வெச்சிருக்கான் உங்கப்பன்? பாத்துச் சொல்லு. நீ படிச்சவன்தான?”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் திருடித் துன்றவனாடி?” என்று சுவரிடம்தான் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிவரை போனவன் நான் ஒருவன்தான். மாத்திரை அட்டையில் இருப்பதைப் படித்துச் சொல்வது, டாக்டர் எழுதியதை விளக்குவது எல்லாம் என் பொறுப்பு. அவர் தட்டில் விழுந்த ஒவ்வொன்றையும் நான் கேட்டு வைத்திருந்தேன். டீயை மட்டும் கேட்கவில்லை. சர்க்கரை போடாத டீ என்றுதானே எல்லாருக்கும் தெரியும்.

அந்த டீ தினமும் காலையில் பிளாஸ்க்கில் வந்தது. அத்தை எங்களுக்கு உறவில்லை. அப்பாவை அண்ணே என்பாள், அதனால் எனக்கு அத்தை. புருஷன் போன பிறகு மொபெட்டில் ஸ்டவ்வும் பாத்திரமும் கட்டிக்கொண்டு அளத்துக்கு வந்து டீ போடுகிறாள். அந்த வெயிலில் பால் நிற்காது, திரிந்துவிடும். பவுடரில்தான் போடுவாள். அப்பா படுத்ததும், வழியில் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி அவருக்கு மட்டும் மூன்று டீ அளவுக்கு ஊற்றி வைத்துவிட்டுப் போவாள். காசு வாங்கமாட்டாள்.

“உக்காரு தம்பி. அண்ணனுக்குப் போடற டீய இன்னிக்கு நீ குடிச்சிப் பாரு” என்று கிளாஸை எடுத்தாள்.

“அந்த ஸ்பெஷல் டீயா?” மேஸ்திரி சிரித்தார். “எங்களுக்கெல்லாம் சுண்ணாம்புத் தண்ணி. அண்ணனுக்கு மட்டும் பசும்பாலு.”

“உனக்கு இன்னா நோவா வந்துச்சி, பாலு ஊத்த?” என்றாள் அத்தை.

டிகாஷனை ஊற்றினாள். பெட்டியிலிருந்து ஒரு டின்னை எடுத்தாள். மேலே பசு மாட்டுப் படம். உள்ளே தேன்போலக் கெட்டியாக இருந்ததை பெரிய ஸ்பூன் நிறைய இரண்டு முறை அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

ஒரு வாய்தான் குடித்தேன். பாயசம்போல் இருந்தது.

“அத்தை, இதுல சர்க்கரை போட்டீங்களா?”

“ஐயோ, ஒரு மணி போடலப்பா. உன் கண்ணு முன்னாடிதான போட்டேன்? சக்கரை கிடையாது, வாய்க்கு ருசி வேணாமா மனுசனுக்கு? அதான் நல்ல பாலா ரெண்டு ஸ்பூன். நல்ல பாலுன்னா இனிக்கத்தான செய்யும்.”

டின்னை வாங்கிப் பார்த்தேன். கண்டென்ஸ்டு மில்க் என்று இருந்தது. பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலமும் இந்தியும். முதலில் சர்க்கரை, அடுத்தது பால் திடப்பொருள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். நூறு கிராமில் நாற்பத்து நான்கு கிராம் சேர்த்த சர்க்கரை. அவள் ஸ்பூன் கணக்குக்கு ஒரு கிளாஸில் நாலு டீஸ்பூன் சர்க்கரைக்குக் குறையாது. தினமும் மூன்று கிளாஸ். அதற்கு முன்னால் அளத்திலும் அதே டீதான்.

பெட்டியில் இருந்த மற்ற பாக்கெட்டுகளையும் எடுத்தேன். எல்லாருக்கும் போடும் பெரிய பாக்கெட்டில் முன்னால் பால் என்ற வார்த்தையே இல்லை, கிரீமர் என்றுதான் இருந்தது. குளுக்கோஸ் சிரப், அடுத்து தாவரக் கொழுப்பு, கடைசியில் பேருக்குக் கொஞ்சம் பால் புரதம். அது தீரும்போது அவள் பிரிக்கும் சின்ன பாக்கெட், டீ காபியை வெளுப்பாக்கும் ஒயிட்னர். அதில் பால் நிஜமாகவே இருந்தது, கூடவே நூற்றுக்குப் பதினெட்டு சர்க்கரையும் இருந்தது. ஒரே ஒரு பொருள், பால் மட்டும் எழுதிய வெறும் பால் பவுடர் அந்தப் பெட்டியில் இல்லை. விலை அதிகம், கட்டி கட்டியாக நிற்கும் என்று அவள் வாங்குவதில்லையாம். அதிலும் பாலுக்கே உள்ள இனிப்பு உண்டு. ஆனால் யாரும் அள்ளிக் கொட்டிய சர்க்கரை இல்லை.

“அப்ப நாங்க குடிக்கிறது பாலு இல்லியா?” என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தி.

“எண்ணெ” என்றேன்.

“ஏம்பா, படிச்சவனே,” மேஸ்திரி இழுத்தார், “எங்க டீல பாலு இல்ல, சரி. உங்கப்பன் டின்னுலயாவது இருக்குதா?”

“இருக்குது. அதுலதான் நெறைய இருக்குது. அத விட அதிகமா சர்க்கரை இருக்குது.”

அத்தை டின்னை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

“மாட்டுப் படம் போட்டிருக்கானே தம்பி.”

சர்க்கரை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

“இந்த டின்னு என் காசுல வாங்குனது. ஒருத்தருக்கும் தொட்டதில்ல. அண்ணனுக்கு மட்டும்தான்.” அவள் அழவில்லை. ஸ்டவ்வை அணைத்தாள். கொதித்த டிகாஷனைப் பாத்தி வரப்பில் கொட்டினாள். “எல்லாரும் எழுந்து போங்க. இன்னிக்கு டீ இல்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்பங்கரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்குக் காலைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

“கேட்டியாடி? திருடல நான்.”

அம்மா தலையை ஆட்டினாள்.

“தினம் குடிச்சீங்களே, இனிக்குதேன்னு உங்களுக்குத் தோணலியாப்பா?” என்றேன்.

“தோணுச்சி. பாலு நல்லா இருக்குதுன்னு நெனச்சேன்.” பிறகு, “அவள யாரும் ஒண்ணும் கேக்காதீங்க” என்றார்.

நான் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். தெருவில் நின்று, ஊரே கேட்கும்படி. அதற்குப் பிறகு அத்தை எங்கள் தெரு வழியாக வண்டி ஓட்டுவதில்லை.

டீயை நிறுத்தியதும் சர்க்கரை இறங்கத்தான் செய்தது. டாக்டர்கூட முகம் தெளிந்து பேசினார். ஆனால் புண் அதற்குள் எலும்பைத் தொட்டிருந்தது. ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து அப்பா உளற ஆரம்பித்தார், பலகையைக் கொண்டா, உப்பு வாரணும் என்று. அன்றைக்கே ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரி என்பதால் ஆபரேஷனுக்குக் காசு வாங்கவில்லை. கட்டைக்காலும் இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வாங்கிய ஊசி மருந்து, கார் வாடகை, கூட இருந்தவர்களின் சாப்பாடு, அம்மாவும் நானும் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்றாயிரத்து அறுநூறு ரூபாய்.