ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்

நிந்தவூரில் உயர்தர வகுப்புக்குத் தூய கணிதம் படிப்பித்த ஆதம்பாவா சேர், தவணைப் பரீட்சைத் தாளை எப்போதும் இன்னொருவரோடு சேர்ந்தே தயாரித்தார். இவர் கேள்வி எழுதுவார். காரைதீவிலிருந்து பஸ்ஸில் வரும் கணித ஆசிரியர் கனகரெத்தினம் அதை உடைக்கப் பார்ப்பார். பிழை பிடிபட்டால் எழுதியவர் சந்திக் கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும். எண்பதாம் ஆண்டு கனகரெத்தினம் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனார். அதன் பிறகு அந்தப் பகுதியில் இவரோடு கணக்குக் கதைக்க ஆளில்லை.

அடுத்த வருடம் ஒரு நாள். தவணைத் தாள் அன்று மாலையே பிரதியெடுக்க ஸ்டென்சில் வெட்டப் போக வேண்டும். மூன்று பாடசாலைப் பிள்ளைகள் அதை எழுதுவார்கள். கடைசிக் கேள்வி இது: எல்லா இடத்திலும் வகையிடத்தக்க சார்பு f; f(0) = 0. x, 2 ஐ விடக் குறைந்தால் அதன் பெறுதி, அதாவது சாய்வு, 1. x, 2 ஆகவோ அதற்கு மேலோ இருந்தால் 3. f ஐக் காண்க.

விடையும் எழுதி வைத்திருந்தார்: முதலில் x, பிறகு 3x − 4. இரண்டு கோடுகளும் x = 2 இல் பொருந்தின. ஆனால் பொருந்திய மூலையில் இடப்பக்கச் சாய்வு 1, வலப்பக்கச் சாய்வு 3. அங்கே பெறுதியே இல்லை. மூன்றை ஐந்தாக்கிப் பார்த்தார், ஏழாக்கியும் பார்த்தார். மூலை போகவில்லை. இலக்கத்தில்தான் பிழையா, கேள்வியே பிழையா? தெரியாமல் தாளை அனுப்ப மனம் வரவில்லை.

வழக்கம்போல் எதிரே போட்டிருந்த வெறுங் கதிரையைப் பார்த்தார். கனகரெத்தினம் இருந்தால் என்ன கேட்பார் என்பது தெரியும். அவருடைய குரலிலேயே தானே சொன்னார்:

"மச்சான், ஒண்டு இருக்கு, மூண்டு இருக்கு. நடுவில ரெண்டு எங்க போச்சு?"

f இலிருந்து 2x ஐக் கழித்து அதற்கு g என்று பெயரிட்டார். x = 1 இல் g இன் பெறுதி −1. அங்கிருந்து புறப்படும்போது இறங்கும். x = 3 இல் +1. ஏறிக்கொண்டே வந்து சேரும். g தொடர்ச்சியானது. எனவே ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் அதற்கு மிகத் தாழ்ந்த ஓர் இடம் உண்டு; அது இரு ஓரங்களிலும் இருக்க முடியாது. உள்ளே இருக்கும் அந்த அடியில் g இன் பெறுதி பூச்சியம். அதாவது f இன் பெறுதி அங்கே 2. கேள்வியோ 1, 3 தவிர வேறு பெறுதிக்கு எங்கும் இடம் விடவில்லை.

அப்படி ஒரு சார்பே கிடையாது. ஒரு பெறுதி இரண்டு பெறுமானங்களை எடுத்தால் இடையிலுள்ள ஒவ்வொன்றையும் எடுத்தே தீரும். முடிவில்லாமல் நடுங்கி அதன் தொடர்ச்சி அறலாம். ஒரே தாவலில் தாண்ட அதற்கு வழியில்லை.

மனைவி ஹாஜறா வாசலில் வந்து நின்றாள்.

"ஆரோட கதைக்கீங்க?"

"கனகரெத்தினத்தோட."

அவள் கதிரையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

'f ஐக் காண்க' என்பதை வெட்டி, 'இப்படி ஒரு சார்பு இல்லை எனக் காட்டுக' என்று எழுதினார். தாளை ஸ்டென்சில் வெட்டக் கொடுத்துவிட்டுச் சந்திக் கடைக்கு நடந்தார். இரண்டு தேத்தண்ணி கேட்டார்.

"மத்தது ஆருக்கு, சேர்?" என்றார் கடைக்கார முகைதீன்பாவா.

"பிழையப் புடிச்ச ஆளுக்கு."

தன்னுடையதைக் குடித்து முடித்தார். மற்றது ஆறும்வரை இருந்துவிட்டு, இரண்டுக்கும் காசு கொடுத்து எழுந்தார்.