தொரை கேட்டபோது என் முகத்தைப் பார்த்தவன்

மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. பச்சை ரப்பரோடு கரித்தூளும் ரசாயனமும் சேர்த்துப் பிசைந்து, டயருக்கு மேல்பட்டை போடுகிறவர்களுக்குத் தகடாக அனுப்புகிறோம். அங்கே நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பதவிப் பெயர் அட்டையில் இருக்கிறதே தவிர, ஆட்கள் என்னை மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது பால் வெட்டுகிறவர்களை மேய்க்கிறவராக இருந்தார். அந்தக் கிண்டலில் பாதி அவருக்குச் சேர வேண்டியது.

இதில் வரும் இன்னொருவன் என் மச்சான். சொந்தமில்லை. ஒரே தோட்டத்து லைன் வீடுகளில் பிறந்தோம், தோட்டம் விற்கப்பட்டதும் இரண்டு குடும்பமும் ஈப்போ ஓரத்துப் புந்தோங்குக்கு வந்தது, அவ்வளவுதான். அவனுடைய அம்மாவும் அப்பாவும் என் அப்பாவுக்குக் கீழே பால் வெட்டியவர்கள். தொழிற்சாலையில் அவன் இரட்டை உருளை மில்லில் நின்றான். ஆள் உயரத்துக்கு நீளமான இரண்டு இரும்பு உருளைகள் உள்பக்கமாகச் சுழலும். அவற்றுக்கு நடுவே ரப்பரைத் தள்ளி, வெட்டி, சுருட்டி, மறுபடியும் தள்ள வேண்டும். கை மாட்டினால் உருளை விடாது. அதற்காகத்தான் முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். முட்டியால் இடித்தால் மில் உடனே நிற்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ரப்பர் போடாமல் ஓடவிட்டு, கம்பியை இடித்து, நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு புது மேலாளர் வந்தார். வெளிநாட்டுக்காரர், ஆங்கிலம் மட்டும்தான். ஆட்கள் அவரைத் தொரை என்றார்கள், வேறு என்ன சொல்வார்கள். வாரம் ஒருநாள் அவரே கீழே இறங்கி வந்து இயந்திரம் இயந்திரமாக நடப்பார். பாதுகாப்புச் சுற்று என்று பெயர். முன்பிருந்தவர்களும் நடந்தவர்கள்தான். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே எங்களுக்குத் தகவல் வந்துவிடும். தரையில் மஞ்சள் கோடு அடிப்போம், விளக்குமாறு பிடிப்போம், ஆளுக்கு ஒரு புது கையுறை கொடுப்போம். "எல்லாம் ஓகேயா?" என்று கேட்பார்கள், "ஓகே போஸ்" என்று நாங்கள் சொல்வோம். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இவர் அப்படி இல்லை. சொல்லாமல் வந்தார். ஹெல்மெட், கண்ணாடி எல்லாம் ஒழுங்காகப் போட்டு, வேலை செய்கிறவனுக்கு எதிரே நிற்காமல் பக்கத்தில் வந்து நின்றார். முதலில் ஐந்து நிமிடம் சும்மா பார்த்தார். வேலை ஒரு சுற்று முடிந்ததும்தான் பேசினார். "ஓகேயா" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இந்த வேலையில் உன் கையைப் பறிக்கக்கூடியது எது?" என்று கேட்டார். "நான் மேலே இருப்பதால் எனக்குத் தெரியாமல் போகிறது எது?" என்று கேட்டார். பெயரை எழுத மாட்டேன், சொன்னதற்காக யாரையும் திட்ட மாட்டேன், இரண்டு வாரத்தில் திரும்பி வந்து என்ன செய்தேன் என்று சொல்வேன் என்றார். இதையெல்லாம் நான்தான் தமிழில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மனுஷன் பாவம், இந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

ஏன் சிரிப்பு என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொரை மரத்தடிக்கு வந்து ஏதாவது கேட்டால், பால் வெட்டுகிறவர்கள் முதலில் மண்டோர் முகத்தைப் பார்ப்பார்கள். என் அப்பா கண்ணை லேசாக மூடினால், "எல்லாம் நல்லாருக்குங்க தொரை." தலையை ஆட்டினால்தான் வேறு பேச்சு. இதை யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை. ரப்பர் மரம் போய், வீட்டுமனை வந்து, தொழிற்சாலை வந்த பிறகும் அந்தப் பார்வை மட்டும் எங்களோடு பஸ் ஏறி வந்துவிட்டது. மேலே உள்ளவர் யார் வந்து கேட்டாலும் ஆட்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

மச்சானிடம் தொரை அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவனும் என்னைப் பார்த்தான். என் முகத்தில் அன்று என்ன இருந்ததோ. அவன் பேசினான்.

"பிரேக்குதான் மச்சான். கம்பிய இடிச்சா ஒடனே நிக்கணும்லா. இப்ப முக்கா சுத்து சுத்திட்டுத்தான் நிக்குது. அதுக்குள்ள கை உள்ள போயிடும். தொரைகிட்ட சொல்லு, வெளையாட்டு இல்ல. நான் உருளையில கோடு போட்டுப் பாத்தேன். வேணும்னா இப்பவே காட்டுறேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்துக் காட்டினான்.

அதைக் கேட்ட எவனும் செய்ய வேண்டியது ஒன்றுதான். மில்லை அங்கேயே நிறுத்தி, மின்சாரத்தைப் பூட்டி, பிரேக் பட்டையை மாற்றும்வரை யாரையும் தொடவிடக் கூடாது. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வாரம் ஒரு பெரிய ஆர்டர் இருந்தது. அந்த மில் நின்றால் பின்னால் உள்ள வரிசை முழுக்க நிற்கும். மாத இறுதியில் எப்படியும் நிறுத்துவோம், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று என் மனதில் ஒரு கணக்கு ஓடியது. இவ்வளவும் நான் பின்னால் சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நொடியில் நடந்தது வேறு. மேலிருந்து வருவதைக் கீழே கொஞ்சம் இறுக்கிச் சொல்வது, கீழிருந்து வருவதை மேலே கொஞ்சம் தணித்துச் சொல்வது, இதுதான் மண்டோர் வேலை. வாய் தானாகச் செய்தது.

"பிரேக் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதாம். பராமரிப்புப் பிரிவுக்குத் தெரியும்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தொரை சாக்பீஸைப் பார்த்தார். காட்ட முடியுமா என்று கேட்டார். இப்போது மில்லில் சரக்கு இருக்கிறது, நிறுத்தினால் கெட்டுவிடும் என்றேன். அவர் தலையசைத்து, சுற்றுக்கான படிவத்தை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். 'பிரேக் சற்று மெது. பராமரிப்புக்கு அறிவிக்கப்பட்டது.' என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லாரும் சொல்வார்கள்.

மச்சானுக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் 'கொஞ்சம்' என்பதற்கான சொல் புரியாத அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. சாக்பீஸைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

பராமரிப்பு ஆட்கள் வந்தார்கள். பட்டையை மாற்றவில்லை, ஒரு நட்டை இறுக்கினார்கள். இரண்டு நாள் தேவலாம், பிறகு பழைய கதைதான். ஷிப்ட் தொடக்கத்துச் சோதனைத் தாளில் 'சரி' என்று நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். நிற்கிறதா என்றுதானே அந்தத் தாள் கேட்கிறது, எவ்வளவு தூரம் ஓடிய பிறகு நிற்கிறது என்று கேட்கவில்லையே.

சொன்னபடி இரண்டு வாரத்தில் தொரை திரும்பி வந்தார். அந்த ஒரு விஷயத்துக்காகவே வந்தார். பிரேக் என்னாயிற்று என்று கேட்டார். சரிபண்ணியாகிவிட்டது என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு, நேராக மச்சானிடம் கட்டைவிரலை உயர்த்தி, நல்லாருக்கா என்று சைகையில் கேட்டார். மச்சான் என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணை லேசாக மூடித் திறந்தேன். என் அப்பா செய்தது போலவேதான். மச்சானும் கட்டைவிரலை உயர்த்தினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், சூடான தகடு உருளையில் ஒட்டிக்கொண்டது. அதை உரித்தெடுக்கப் போன மச்சானின் வலது கையைத் தகடு சுற்றிக்கொண்டது. முட்டியால் கம்பியை இடித்தான். சரியாகத்தான் செய்தான். மில் முக்கால் சுற்று சுற்றி, விரல்களை உள்ளே இழுத்த பிறகுதான் நின்றது.

அவன் கத்திய சத்தத்தை எழுத எனக்கு வராது. பெரிய மருத்துவமனையில் நான்கு விரல்களை எடுத்தார்கள். கட்டைவிரல் ஓரத்தில் இருந்ததால் தப்பியது.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்தார். மில்லைப் பயன்படுத்தக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். பிறகு வார்டுக்கு வந்து மச்சானிடம் மலாயில் கேட்டார். பிரேக் பற்றி முன்பே சொன்னாயா, என்ன சொன்னாய்? நிர்வாகத்தின் ஆளாக நானும் கட்டிலருகே நின்றேன். என்னை அனுப்பியிருக்கவே கூடாது, ஆனால் யாருக்கும் அது தோன்றவில்லை. மச்சான் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் கண்ணை மூடவில்லை. சத்தியமாக மூடவில்லை. எதுவுமே செய்யாமல் நின்றேன்.

"சிக்கிட் லம்பாட் சஜா," என்றான் அதிகாரியிடம். கொஞ்சம் மெது, அவ்வளவுதான்.

படிவமும் அதையேதான் சொன்னது. இரண்டும் பொருந்திப்போயின. பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு கண்டனக் கடிதம் போனது. அதிகாரி போன பிறகு, "ஏன்டா மச்சான் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "பின்ன என்ன சொல்றது, நீ நிக்கிறியே," என்றான். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டு என் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலாம் போல இருந்தது.

அந்தத் தொரையை அடுத்த ஆண்டு வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். போவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, தான் கேட்ட விதத்தில் என்ன தவறு என்று கேட்டார். தவறு ஒன்றும் இல்லை என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான், அதையும் அவர் ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டார்.

அதன்பின் காலைக் கூட்டத்தில் ஆட்களைக் கூட்டி, "இனிமே யார் வந்து கேட்டாலும் என் மூஞ்சியப் பாக்காதீங்க, நேரா சொல்லுங்க," என்றேன். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சரி மண்டோர் என்றார்கள்.

மச்சானுக்கு இப்போது ஸ்டோரில் வேலை, இடது கையால் கரித்தூள் பை எண்ணுகிறான். போன வாரம் இப்போதிருக்கும் மேலாளர் கையில் டேப்லட்டோடு சுற்றுக்கு வந்தார். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர். ஸ்டோரில் பைகளை ஒன்பது வரிசை அடுக்கியிருந்தார்கள், ஆறுக்கு மேல் போகக் கூடாது. மேலே ஒன்று சாய்ந்தே நின்றது. "இங்க உங்களுக்கு ஆபத்தா எது இருக்கு?" என்று மலாயில் மச்சானிடமே கேட்டார். இந்த முறை நடுவில் நான் தேவையே இல்லை. அவன் பக்கம் பார்க்கவே கூடாது என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பதில் வரவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பொறுக்க முடியாமல் திரும்பினேன். அவன் எனக்காகத்தான் காத்திருந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு மேலாளரைப் பார்த்து வலது கையைத் தூக்கி, அதில் மிச்சமிருந்த கட்டைவிரலைக் காட்டினான்.