திருப்பி அச்சிட்ட வால்வு

விழுப்புரத்தில் குடிநீர்ப் பணிகளுக்கான அலுவலகத்தில், பொருள் வழங்க விரும்புவோரின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து வாங்குவது என் வேலை. வால்வு செய்பவர் வால்வைக் கொண்டுவர வேண்டியதில்லை. அதன் படமுள்ள கேட்டலாக் போதும். விதி அப்படி. இரும்பைவிடக் காகிதத்துக்குத்தான் அங்கே எடை அதிகம்.

திண்டிவனத்தில் சின்னப் பட்டறை வைத்திருந்தவர், கடைசி நாள் காலை பதினோரு மணிக்கு வந்தார். மூன்று மணிக்கு நேரம் முடிகிறது. தவறினால், பொருள் வழங்குவோரின் அடுத்த பட்டியலுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

அவருடைய கேட்டலாக் அழகாகவே இருந்தது. சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. வார்ப்பிரும்பு உடலில் வெள்ளி மினுமினுப்பு. மேல்மூடியைச் சுற்றி எட்டு போல்ட், எட்டும் துடைத்துப் பளபளத்தன. ஆனால் தண்ணீர் போகும் திசையைக் காட்ட உடலில் வார்த்திருந்த அம்புக்குறி தப்பான பக்கம் பார்த்தது.

இந்த வால்வில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும். உள்ளே ஒரு தட்டு, மேலே குறுக்காகப் போகும் ‘பின்’ என்ற இரும்புக் கம்பியில் தொங்குகிறது. தண்ணீர் வந்தால் தூக்கிக்கொள்ளும். நின்றால் விழுந்து வழியை அடைக்கும். தண்ணீர் நுழையும் பக்கத்தில்தான் அந்தப் பின் இருக்கும். அதன் தலை வெளியிலிருந்தே தெரியும். அம்பு அதைவிட்டு விலகிப் போக வேண்டும். படத்தில் அம்பு பின்னை நோக்கிப் போனது.

“நீங்க வார்த்ததே இப்படியா?” என்றேன்.

“ஐயோ, இல்ல சார். வால்வு கரெக்டா கீது. இன்னா பேஜாரு இது?” என்று ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

ஸ்டுடியோக்காரருக்குக் கல்யாண ஆல்பம்தான் தொழில். “வலது பக்கத்துல வர்ற போட்டோ சார். மூஞ்சி வெளிய பாத்துக்கினு இருந்தா நல்லாயிருக்காது. அதான் கம்ப்யூட்டர்ல திருப்பிட்டேன். வால்வு மேல இருந்த எழுத்து கண்ணாடில தெரியற மாரி மாறிப்போச்சி, அத மட்டும் பழைய போட்டோலேந்து வெட்டி ஒட்டிட்டேன்.”

எழுத்துக்குக் கீழேதான் அம்பு. எழுத்தோடு சேர்ந்து அதுவும் பழைய திசைக்கு வந்துவிட்டது; பின் மட்டும் திருப்பிய பக்கத்திலேயே நின்றது.

“வால்வுக்கு ஏதுய்யா மூஞ்சி? எடுத்தத எடுத்த மாரியே ஜல்தியா பிரிண்ட் போடு, வர்றேன்,” என்று போனைப் பிடுங்கிச் சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

கேட்டலாக்கை நான் அப்போது பதிவேட்டில் ஏற்றவில்லை. ஏற்றிய பிறகு ஒரு தாளைக்கூட மாற்ற முடியாது. ஏற்றாதவரை அது அவருடைய காகிதம். இதில் சலுகை எதுவும் இல்லை. விதியைக் கடைசி வரி வரை படித்திருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டு நாற்பதுக்கு, சட்டை நனைந்து வந்தார். புதுத் தாளில் வால்வு பக்கத்துக்கு வெளியே பார்த்தது. அம்பு சரியாக இருந்தது. முத்திரை வைத்தேன்.

தேர்வுக் குழுவில் மூன்று பொறியாளர்கள். பக்க எண்ணையும் கையெழுத்தையும் பார்த்தார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பட்டறைக்காரர் பெயர் பட்டியலில் ஏறியது.